மேற்கு வரிசையில் விழுந்த நிழல்

என் கணவர் இருபது வருடத்துக்கும் மேலாக அரிசி ஆலையில் வேலை செய்தவர். உமித்தூசு நெஞ்சுக்குள் போய்ப் படிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடைசி வருடத்தில் அவருக்குத் தானாக மூச்சு எடுப்பது போதவில்லை. வீட்டில் ஒட்சிசன் மெசின் ஒன்று வைத்தோம். காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மெசின். அது இரவும் பகலும் ஓட வேண்டும். அதன் இரைச்சலுக்கு நான் பழகிப்போனேன். சில நாட்களில் வேலைக்குப் போய், நூலகத்தின் அமைதிக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஏதோ நின்றுவிட்டது போலத் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பேன்.

கரண்ட் பில் ஏறியது. எங்கள் நாட்டில் பாவிக்கும் அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் படிப்படியாகக் கூடும். தம்பிதான் கூரையில் சோலர் போடச் சொன்னான். நானும் சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு ஆரையம்பதியில், வாவிப் பக்கமாக இருக்கிறது. கூரையின் ஒரு சரிவு தெற்கே பார்த்தது. சோலர் பூட்ட வந்த பொடியன் அதைப் பார்த்து நல்ல கூரை என்றான். அது ஆவணி மாதக் கடைசி. அந்த நாட்களில் மத்தியானச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். தெற்கு வேலிக்கு அப்பால், தென்மேற்கு மூலையில், பக்கத்து வீட்டு மாமரம் நின்றது. கறுத்தக்கொழும்பான். எங்கள் ஓட்டுக்கூரையைவிட இரண்டு மடங்கு உயரம். பொடியன் அதையும் பார்த்தான். பின்னேரம் கொஞ்சம் மறைக்கும், பெரிய பிரச்சினை வராது என்றான். தகடுகளை இரண்டு வரிசையாகக் கிழக்கிலிருந்து மேற்காகப் பூட்டி, எல்லாவற்றையும் ஒரே தொடராக வயரால் இணைத்து, தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டரைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். பிறகு மின்சாரக்காரர் வந்து, எடுப்பதையும் கொடுப்பதையும் தனித்தனியாகக் காட்டும் மீற்றரை வைத்தார்கள்.

முதல் இரண்டு மாதமும் நன்றாகத்தான் இருந்தது. கூரையில் எவ்வளவு கரண்ட் உண்டாகிறது என்று காட்டும் ஒரு படம் கைபேசியில் வரும். காலையில் ஏறி, மத்தியானம் உச்சிக்குப் போய், மாலையில் இறங்கும் ஒரு மேடு. கணவர் கட்டிலில் சாய்ந்தபடி அதைப் பார்ப்பார். அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை.

"இண்டைக்கு மேகம்," என்பார், மேட்டில் பள்ளம் தெரிந்தால். யன்னல் வழியாக வானத்தைப் பார்க்காமலே சொல்வார்.

ஐப்பசி கழிந்ததும் மேடு உடைந்தது. மத்தியானத்துக்குப் பிறகு திடீரென்று கீழே விழுந்து, மாலை வரை கீழேயே கிடந்தது. மழைக்காலம் என்று முதலில் நினைத்தோம். மழை விட்டு வெளித்திருந்த நாட்களிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தேன். மேற்குப் பக்கத் தகடுகளின் மேல் மாமரத்தின் நிழல் படுத்திருந்தது. இலை அசைய அதுவும் அசைந்தது.

பொடியனைக் கூப்பிட்டோம். அவன் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சூரியனைப் பார்த்தான்.

"வெயில் தெற்கால போயிற்று அக்கா. தை வரைக்கும் இப்பிடித்தான் சரிஞ்சு வரும். நான் ஆவணியில பாத்தது பிழையாப் போச்சு."

ஏன் ஒரு மூலையில் விழும் நிழல் முழுக்கூரையையும் கெடுக்கிறது என்று கணவர் கேட்டார். பேசுவது அவருக்குக் கஷ்டம். கேள்வியை மூன்று மூச்சில் கேட்டார். பொடியன் கட்டிலின் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னான். எல்லாத் தகடும் ஒரே தொடரில் இருப்பதால் எல்லாவற்றுக்குள்ளாலும் ஒரே அளவு கரண்ட்தான் போக வேண்டும். நிழல் விழுந்த தகடு குறைவாகத்தான் விடும். அதை மறிக்கவிடாமல், அந்தத் துண்டைத் தாண்டிக் கரண்டைக் கொண்டுபோக ஒவ்வொரு தகட்டின் பின்பக்கமும் சின்ன டையோடுகள் இருக்கின்றன. ஒரு துண்டில் நிழல் என்றால் அந்தத் துண்டு மட்டும் நட்டம். ஆனால் இலை நிழல் பல தகட்டில், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகச் சிதறி விழுகிறது. பல துண்டுகள் தாண்டப்பட்டால் மொத்த வோல்ட் இறங்கும். இன்வேர்ட்டர் எந்த வோல்ட்டில் கூடுதலாக எடுக்கலாம் என்று தேடித் தேடி, பிழையான இடத்தில் நின்றுவிடும்.

"அப்ப பிரிச்சுப் போடு," என்றார் கணவர்.

பொடியன் அவரைப் பார்த்துச் சிரித்தான். அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னான். இன்வேர்ட்டரில் கரண்ட் உள்ளே போக இரண்டு வாசல் இருந்தது, ஒன்றைத்தான் பாவித்திருந்தான். அன்றே கூரையில் ஏறி, கிழக்குப் பக்கத் தகடுகளை ஒரு தொடராகவும் மேற்குப் பக்கத்தை இன்னொரு தொடராகவும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு வாசலில் கொடுத்தான். மறுநாள் முதல் கிழக்குத் தொடர் தன்பாட்டில் மாலை வரை வேலை செய்தது. மேற்குத் தொடர் மத்தியானத்தோடு படுத்துக்கொண்டது. பாதி தப்பியது. மிச்சத்துக்கு மரத்தைத்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பக்கத்து வீட்டு அண்ணன் வாவியில் தோணி வைத்திருப்பவர். வலைக்குப் போய் விடியப் புறம் வருவார். அவருடைய மனைவி கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பார். அவர்களுடைய குசினி வீட்டின் வடக்குப் பக்கம், மாமரத்தோடு ஒட்டி, தகரக் கூரையோடு இருந்தது. பதினைந்து வருடமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீனும் மாங்காயும் போய் வந்தன. நான் போய்க் கேட்டேன். வடக்குப் பக்கக் கொப்புகளை மட்டும் கழித்தால் போதும் என்றேன்.

அண்ணன் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வடக்குக் கொப்புலதான் தங்கச்சி நல்லாக் காய்க்கிற. மார்கழி தையில பூக்கப் போகுது. இப்ப வெட்டினா இந்த வருசம் காய் இல்ல."

அவருடைய மனைவி குசினிக்குள்ளிருந்து வந்தார். "அது மட்டுமில்ல. கச்சான் அடிக்கக்குள்ள இந்தத் தகரத்துக்குக் கீழ இரிந்து பாருங்க. அந்த மரம் இல்லாட்டி நான் எங்க நிண்டு அவிக்கிற?"

அவர் சொன்னது சரி. வைகாசி தொடங்கினால் சூரியன் வடக்கே போய்விடும். அப்போது அதே மரத்தின் நிழல் தெற்கே, அவர்களுடைய குசினியின் மேல் விழும். காய்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களும் அவைதான். அதே மரத்தின் நிழல், எங்களுக்கு வேண்டாத மாதங்களில் எங்களிடம் வந்தது, அவர்களுக்கு வேண்டிய மாதங்களில் அவர்களிடம் போனது. இதை நான் அப்போது யோசிக்கவில்லை. கணவருக்குச் சேலைன் வாங்க மறந்துவிட்டேன் என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி விடவில்லை. ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் ஆளைக் கூட்டி வந்து, வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் வந்திருந்த கொப்புகளை வெட்டிவிட்டான். பஸ்ஸால் இறங்கி வந்தபோது வேலியோரம் இலைக் குவியல் கிடந்தது. அண்ணன் படலையில் நின்றார்.

"கேக்காம வெட்டுறயா கா? நான் வேணாம் எண்டு சொல்லல்லையே. பூவுக்குப் பிறகு பாப்பம் எண்டுதானே சொன்ன."

அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. "தம்பிதான் வெட்டின," என்றேன்.

"ஒங்கட வீட்டு வளவுக்குள்ள நிண்டுதானே வெட்டின?"

தம்பி உள்ளேயிருந்து வந்தான். இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் மெசினின் இரைச்சல் எனக்குக் கேட்கவில்லை. நான் உள்ளே ஓடிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "வேணாம் எண்டு சொல்லு," என்றார்.

வெட்டியதால் ஒரு பிரயோசனமும் வரவில்லை. வேலிக்கு மேலால் வந்தவை தாழ்ந்த கொப்புகள். கூரையில் விழுந்தது மரத்தின் உச்சியில், அவர்களுடைய வளவுக்குள்ளே இருந்த கொப்புகளின் நிழல். கிராம உத்தியோகத்தரைத் தம்பி கூட்டி வந்தான். அவர் வேலியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"வேலி தாண்டின கொப்பு எண்டா நான் சொல்லலாம். நிழலுக்கு நான் என்னத்தச் சொல்லுற? மத்தியஸ்த சபைக்குப் போங்க."

தம்பி அங்கேயும் முறைப்பாடு கொடுத்தான். அதன் பிறகு பக்கத்து வீட்டிலிருந்து மீன் வரவில்லை. இடியப்பம் வாங்கும் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அது வலித்ததா என்று கேட்டால் இல்லை. அந்த மாதங்களில் எனக்கு எதுவும் வலிக்கவில்லை. மருந்துக் குளிசைகளை எண்ணிப் பெட்டிக்குள் போடுவேன், மெசினின் வடிகட்டியைக் கழுவுவேன், பஸ் ஏறுவேன்.

மார்கழியில், நல்ல வெயில் எறித்த ஒரு மத்தியானம், கரண்ட் நின்றது. நான் லீவில் நின்றேன். மெசின் ஒரு முறை நீளமாகக் கத்திவிட்டு அடங்கியது. எனக்கு விளங்கவில்லை. கூரை முழுக்க வெயில். மேலே தகடுகள் மினுங்கின. இன்வேர்ட்டரைப் போய்ப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம். தெருவில் எல்லா வீட்டிலும் கரண்ட் இல்லை. எங்கேயோ மரக்கொப்பு வயரில் விழுந்ததாம். சிலிண்டர் ஒன்று அவசரத்துக்கு வைத்திருந்தோம். அதைக் கட்டிலடிக்கு இழுத்து, குழாயை மாற்றினேன். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று பயந்து, தம்பி ஓட்டோவில் ஓடிப்போய் இன்னொன்று கொண்டு வந்தான். ஓட்டோ வந்து நின்ற வேகத்தில் ஆட்கள் படலைக்கு வந்துவிட்டார்கள். அண்ணனும் வந்து நின்றதை யன்னலால் கண்டேன். தம்பி சிலிண்டரைத் தோளில் தூக்கியபடி அவரைப் பார்த்து ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் திரும்பிப் போய்விட்டார்.

கரண்ட் பிறகு வந்தது. இன்வேர்ட்டர் சில நிமிடம் பொறுத்து, தானாக மீண்டும் தொடங்கியது. பொடியனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். எங்களுடைய மாதிரி இணைப்பில் லைன் செத்தால் இன்வேர்ட்டரும் நின்றுவிடும் என்றான். இல்லாவிட்டால் எங்கள் கூரையின் கரண்ட் லைனுக்குள் ஏறி, தூணில் நின்று திருத்துபவரைக் கொன்றுவிடும். பற்றரி வைத்தால்தான் கரண்ட் நிற்கும் நேரமும் ஓடும். பற்றரி பற்றி முதலிலேயே சொல்லியிருப்பான் போல. யாரும் கவனிக்கவில்லை.

என் கணவர் அன்றைக்குப் போகவில்லை. தை பிறந்து, நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து, அங்கேதான் போனார். அப்போது வார்ட்டில் கரண்ட் இருந்தது. ஒட்சிசன் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாக வேலை செய்தன. அவர் மட்டும்தான் நின்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஊரில் பலர் புதைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் எரிப்பது வழக்கம். முற்றத்தில் ஆண்கள் விறகைப் பற்றிக் கதைப்பது கேட்டது. மழைக்காலம், காய்ந்த விறகு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் மாங்கட்டை வேண்டும். யாரோ களுவாஞ்சிக்குடிப் பக்கம் கேட்டுப் பார்ப்போம் என்றார்கள். நான் அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. பெண்கள் என் தோளைப் பிடித்து அழச் சொன்னார்கள். வரவில்லை.

பிறகு மரம் அறுக்கும் மெசினின் சத்தம் கேட்டது. மிக அருகில். கொஞ்ச நேரத்தில் பெரிய கொப்பு ஒன்று முறிந்து விழும் சத்தம். நிலம் அதிர்ந்தது. பின்னும் ஒன்று. அவர் கிடத்தப்பட்டிருந்த கூடத்தின் தெற்கு யன்னலால் வெயில் உள்ளே வந்து, அவருடைய காலில் விழுந்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த நேரத்தில் அங்கே வெயில் வந்ததில்லை. பக்கத்திலிருந்த ஒருத்தி எழும்பி, யன்னல் சீலையை இழுத்துவிட்டாள்.

அண்ணன்தான் வெட்டினார் என்று பிறகு சொன்னார்கள். பூ அரும்பியிருந்த வடக்குக் கொப்பு எல்லாவற்றையும் வெட்டி, அவரே வண்டியில் ஏற்றி, சுடலைக்குக் கொண்டுபோனார். பச்சைக் கட்டை பிடிக்காது என்று காய்ந்த தேங்காய்ச் சிரட்டையும் பொச்சும் இடையில் அடுக்கினாராம். கடைசி வரை நின்றாராம்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த ஒரு நாள், கைபேசியைத் தட்டியபோது அந்தப் படம் வந்தது. காலையில் ஏறி, உச்சிக்குப் போய், மாலையில் வடிவாக இறங்கும் மேடு. பள்ளம் ஒன்றும் இல்லை. மெசினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வீட்டில் ஒரு மின்விசிறியும் இரண்டு பல்பும்தான் ஓடின. கூரையில் உண்டானதில் ஏறக்குறைய எல்லாம் மீற்றரைத் தாண்டி வெளியே லைனுக்குப் போனது. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கும் கழிந்து, ஒரு பொழுதுபடும் நேரம் அண்ணன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தார்.

"தங்கச்சி, அண்டைக்குக் கரண்ட் நிண்ட நேரம், எண்ட மரம்தான் மறிச்சிற்று எண்டு தம்பி சொன்ன. அவருக்கு மூச்சு நிண்டா அது எண்ட கணக்கு எண்டு சொன்ன." அவர் வேலியைப் பார்த்தபடி சொன்னார். "அதுக்குப் பிறகு எனக்குக் கண்ணுல நித்திர இல்ல. தோணியில நிண்டாலும் அதுதான். அந்த மறுநாளே வெட்டியிருக்கலாம். கோவத்துல விட்டுட்டன்."

தம்பி என்ன சொன்னான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் எழும்பினேன்.

"இஞ்ச வாங்க அண்ணன்."

அவரை மீற்றரடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இன்வேர்ட்டர் பக்கத்தில் இருந்தது. அதன் வெளிச்சம் எல்லாம் அணைந்திருந்தது. மேற்கே வாவிப் பக்கம் சிவப்பு மட்டும் மிச்சம்.

"இது செத்துக் கிடக்கு, தெரியுதா? பொழுது பட்டா மேல தகட்டுல ஒண்டும் வராது." விறாந்தைப் பல்பைப் போட்டேன். "ஆனா லைட் எரியுது."

"லைன் கரண்ட்."

"ஓம். ராவு முழுக்க அவர்ட மெசின் லைன்லதான் ஓடின. பகல்லயும் சோலர் காணாட்டி மிச்சத்த லைன்ல இருந்து தானா எடுக்கும். உங்கட மரம் மறிச்ச அளவுக்கு நாங்க கூடக் காசு கட்டின. மூச்சு குறையல்ல."

அவர் மீற்றரைப் பார்த்தார். அதன் சின்னத் திரையில் எடுத்த அலகும் கொடுத்த அலகும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

"அப்ப அண்டைக்கு அந்த வெயிலுக்குள்ள ஏன் நிண்ட?"

பொடியன் சொன்னதை அப்படியே சொன்னேன். லைன் செத்தால் இதுவும் நிற்கும், தூணில் ஏறுகிறவருக்காக.

"மரம் இல்லாட்டியும்?"

"மரம் இல்லாட்டியும் நிண்டிருக்கும்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். ஆறுதல் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய முகம் இன்னும் வெறுமையாகிப் போனது போலத் தெரிந்தது. அவர் சுமந்துகொண்டு திரிந்ததை நான் எடுத்துவிட்டேன்; வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

"அப்ப நான் மரத்தச் சும்மாதான் வெட்டினன்."

"அவர எரிக்க வெட்டின," என்றேன்.

"ஓம்," என்றார். "அது மெய்தான்."

அந்த வருடம் அவர்களுக்கு மாங்காய் இல்லை. தெற்குக் கொப்பில் கொஞ்சம் காய்த்து, அதையும் அணில் கடித்தது. மழை ஈரத்தில் வெட்டிய இடங்களில் துளிர் வந்தது. ஆனால் கச்சான் தொடங்கும்போது அது நிழல் கொடுக்கும் அளவுக்கு அடரவில்லை. தகரத்துக்குக் கீழே அண்ணனின் மனைவி வியர்த்து ஊற்றி, தலைசுற்றி ஒரு நாள் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். தண்ணீர் கொடுத்தேன். குசினிக்குள் நின்றபோது சூடு முகத்தில் அறைந்தது. நானே கொஞ்ச நேரத்துக்குமேல் நிற்க முடியவில்லை.

எங்கள் வீட்டுப் பின்விறாந்தை, கணவரின் அறையை ஒட்டியது, மேற்குத் தொடரின் கீழே வருகிறது. தகடுகள் வெயிலை வாங்கிக்கொள்வதால் அந்தப் பக்க ஓடு முன்போலச் சுடுவதில்லை. அண்ணனின் மனைவியை அங்கே வந்து அவிக்கச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இரக்கம் என்று சொல்ல முடியாது. அப்படி ஒன்றும் எனக்குள் அசையவில்லை. இடம் சும்மா கிடந்தது, அதுதான்.

அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு அடுப்பையும் இடியப்பம் அவிக்கும் நீத்துப்பெட்டியையும் தட்டுகளையும் கொண்டு வந்தார். தம்பி கேள்விப்பட்டு, போனில் என்னோடு சண்டை பிடித்தான். மத்தியஸ்த சபையிலிருந்து திகதி வந்தபோது நானும் அண்ணனும் ஒரே ஓட்டோவில் போய், முறைப்பாட்டை விட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இப்போது ஒவ்வொரு ஐப்பசியிலும், பெரிய மழைக்கு முன், அண்ணன் மரத்தில் ஏறி உச்சியை மட்டும் அளவாகக் கழித்துவிடுகிறார். எங்கே வெட்ட வேண்டும் என்று நான் கீழே நின்று, கூரையில் விழும் நிழலைப் பார்த்துச் சொல்வேன். அடியில் அகலமாக விட்டால் வைகாசிக்குள் குசினிப் பக்கம் அடர்ந்துவிடுகிறது என்று கண்டுகொண்டோம். ஆனாலும் அவருடைய மனைவி தன் பழைய குசினிக்குத் திரும்பிப் போகவில்லை. நான் வேலைக்குப் புறப்படும்போது பின்விறாந்தையில் மாப் பிழியும் சத்தம் கேட்கும். "கதவப் பூட்டாமப் போங்க," என்பார். நான் கதவைப் பூட்டாமல், திறப்பைச் சுவர்க் கொளுவியில் மாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடப்பேன்.